நாலு பேர், ஒரே ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு: பொய் சொன்னது யார்?

கரிசல்வாசி | 2024 ஜூலை 12, இரவு 9:40

ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கிராமத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர், நாலு வாடிக்கையாளர்களில் யார் பொய் சொன்னது என்று யோசித்தே கண்டுபிடிக்கிறார். துப்பில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடை பற்றி அப்புறம் சண்டை போடலாம். முழுக்கதையும் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

ராத்திரி ஏழு மணிக்கு ஊரில் கரண்ட் போகிறது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் அன்றைய வசூலை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, கல்லாவில் சரியாக 1,200 ரூபாய்க்குச் சில்லறை மட்டும் விடுவார். எல்லாம் நூறு, ஐம்பது, இருபது, பத்து. ஐநூறு ஒன்றுகூட இருக்காது. அன்றைக்கு அவர் உள்ளே டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எடை போடுகிறார். வெளியே இருட்டில் காசு வாங்குவது மகன் முருகன். ஏழாவது படிக்கிறான். அப்பா உள்ளேயிருந்து தொகையைக் கத்துவார், இவன் நோட்டை வாங்கி, கல்லாவில் தடவி மீதியைக் கொடுப்பான். வாங்கிய நோட்டுகளைக் கல்லாவில் போடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு கிலோ எடைக்கல்லுக்கு அடியில் வைக்கிறான்.

கரண்ட் வருவதற்குள் வந்தது நாலே பேர். செல்லையா (60 ரூபாய்க்குச் சாமான்), பேச்சியம்மாள் பாட்டி (40), கோமதி டீச்சர் (80), கண்ணன் (20). மொத்த வியாபாரம் 200. கையில் 1,400 இருக்க வேண்டும். இருந்தது 1,000. எடைக்கல்லுக்கு அடியில் ஒரு ஐநூறும் மூன்று நூறும். ஆக, யாரோ ஒருவர் நூறு கொடுத்து ஐநூறுக்கு மீதி வாங்கிப் போயிருக்கிறார். பையனுக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று நினைவில்லை.

மறுநாள் காலையில் நாலு பேரையும் தனித்தனியாக விசாரிக்கிறார்.

செல்லையா: "ஐநூறு குடுத்தேன் அண்ணாச்சி. மீதி நானூத்தி நாப்பது."
பாட்டி: "நூறுதான் ராசா. அறுவது ரூவா குடுத்தான்."
டீச்சர்: "ஐநூறு. நானூத்தி இருபது வாங்கினேன்."
கண்ணன்: "நூறு. எம்பது மீதி."

ஐநூறு நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. ஐநூறு கொடுத்ததாகச் சொல்வது இரண்டு பேர். அப்படியானால் பொய் செல்லையாவிடமோ டீச்சரிடமோதான். அண்ணாச்சி இரண்டு பேரையும் மறுபடி பார்க்கிறார். செல்லையாவின் நெற்றியில் வியர்வை. கதை முடிந்தது.

---

வெண்டைக்காய் | ஜூலை 12, இரவு 10:15

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். நாலு பேரை இரண்டாகக் குறைத்தது துப்பு. அதற்கு அப்புறம் வந்தது வியர்வை. ஆடி பிறக்கப்போகிறது, கரிசல் காட்டில் எவனுக்கு வியர்க்காது?

இப்படிச் சோதித்துப் பாருங்கள். செல்லையா பொய் என்று வைத்துக்கொண்டு கதையை மேலிருந்து படியுங்கள். எங்கேயும் முட்டாது. டீச்சர் பொய் என்று வைத்துப் படியுங்கள். அப்போதும் முட்டாது. இரண்டும் நின்றால் கதைக்கு விடை இல்லை என்று அர்த்தம்.

---

அவசரக்குடுக்கை | ஜூலை 12, இரவு 10:22

கண்ணன்தான். இருபது ரூபாய்க்கு வாங்க எவனும் நூறு ரூபாயை நீட்ட மாட்டான். சின்னப் பையன் வேறு.

---

கரிசல்வாசி | ஜூலை 12, இரவு 10:31

கண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது ஐயா, டிராக்டர் ஓட்டுகிறான். முழுக்கதையில் இருக்கிறது, சுருக்கியதில் விட்டுவிட்டேன்.

வெண்டைக்காய், வலிக்கிறது. ஆனால் சரி. இரண்டு தரமும் படித்துப் பார்த்தேன், முட்டவில்லை.

---

கரிசல்வாசி | ஜூலை 13, காலை 6:50

தூக்கம் வரவில்லை. ஒரு நியாயம் கேட்கிறேன். மரியாதை ராமன் கதையில் நெய்த் தகராறு வருமே. இரண்டு பெண்களுக்கும் கால் கழுவ ஒரே அளவு தண்ணீர் கொடுக்கிறான். ஒருத்தி கொஞ்சத்தில் முடித்து மிச்சம் வைக்கிறாள், இன்னொருத்தி எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள். கொட்டியவள்தான் பொய்க்காரி என்கிறான். ஊரே கைதட்டுகிறது. அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

---

வெண்டைக்காய் | ஜூலை 13, காலை 8:05

அதுவும் வியர்வைதான். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவள் நெய் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று யார் சொன்னது? குணத்தை வைத்து ஊகிக்கிறான். கேட்க நன்றாக இருக்கும். உங்கள் கதை வேறு சாதி. நீங்கள் நோட்டு எண்ணிக்கையில் ஆரம்பித்தீர்கள், நோட்டிலேயே முடியுங்கள்.

ஒரு சின்ன உதவி. பொய் அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டது என்றால், மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள்?

---

கரிசல்வாசி | ஜூலை 13, காலை 8:40

என்ன ஆனார்கள்? வீட்டுக்குப் போனார்கள்.

---

கரிசல்வாசி | ஜூலை 13, பிற்பகல் 1:15

சரி, பேருந்தில் வரும்போது புரிந்தது. பொய் அந்த ஜோடிக்குள் அடைபட்டுவிட்டதால் பாட்டியும் கண்ணனும் உண்மை பேசுகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அண்ணாச்சி அதைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். நான் அவர்களிடம் "நூறு" என்ற ஒரு சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு வார்த்தை பேச விட்டிருக்க வேண்டும்.

---

கரிசல்வாசி | ஜூலை 13, இரவு 9:05

இரண்டாம் வடிவம். மாற்றியதை மட்டும் போடுகிறேன்.

கரண்ட் வந்ததும் அண்ணாச்சி எடைக்கல்லைத் தூக்கி நோட்டுகளை எண்ணுகிறார். மேலே இருப்பது ஐநூறு. அதற்குக் கீழே மூன்று நூறு. பையன் வாங்க வாங்க மேலே மேலே வைத்ததால், ஐநூறு கொடுத்தவர் கடைசியாகக் காசு கொடுத்தவர்.

மறுநாள் விசாரணையில் பாட்டி கூடுதலாகச் சொல்கிறாள்: "நான் வந்ததே கடைசி ராசா. கெழவி நிக்க மாட்டான்னு எங்கிட்டதான் மொதல்ல காசு வாங்குனான்." கண்ணன் கூடுதலாகச் சொல்கிறான்: "டீச்சர் காசு குடுத்துட்டு நகர்ந்தப்புறம்தான் நான் குடுத்தேன்."

கண்ணனுக்கு முன்னால் டீச்சர் கொடுத்திருக்கிறார். அப்படியானால் டீச்சர் கடைசி இல்லை. கடைசி நோட்டுத்தான் ஐநூறு. அது டீச்சருடையது இல்லை. பாட்டியும் கண்ணனும் கொடுத்தது நூறு. மிச்சம் செல்லையா. அந்த ஐநூறு செல்லையாவுடையது.

பொய் சொன்னது கோமதி டீச்சர்.

எழுதி முடித்துவிட்டு நானே ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். முதல் வடிவத்தில் பாவம் செல்லையாவை மாட்டி விட்டிருக்கிறேன். அவனுக்கு வியர்த்தது வெயிலில்தான்.

---

சாக்பீஸ் | ஜூலை 13, இரவு 9:30

ஊரில் இருக்கிற ஒரே டீச்சர்தான் கிடைத்தாரா உங்களுக்கு? மாட்டுத் தரகர், கந்துவட்டிக்காரர் யாரும் கடைக்கு வரவே இல்லையா? இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இருட்டில் மீதி வாங்கி வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்து, கூட வந்த இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுக்க மழையில் போயிருக்கிறேன்.

---

கரிசல்வாசி | ஜூலை 13, இரவு 9:34

செல்லையாதான், டீச்சர், அந்த மாட்டுத் தரகர். எல்லாரும் சந்தேகப்படட்டும் என்றுதான் அந்தத் தொழில் கொடுத்தேன்.

---

அவசரக்குடுக்கை | ஜூலை 13, இரவு 9:41

பாட்டியே "நான் வந்ததே கடைசி" என்று ஒத்துக்கொள்கிறாளே. கடைசி நோட்டு ஐநூறு என்றால் அது பாட்டியுடையது. பாட்டி பொய்.

---

வெண்டைக்காய் | ஜூலை 13, இரவு 9:52

வந்தது கடைசி, கொடுத்தது முதல். எடைக்கல்லுக்கு அடியில் இருப்பது கொடுத்த வரிசை. கடைக்கு யார் எப்போது வந்தார்கள் என்பது கல்லுக்குத் தெரியாது.

ஆனால் அவசரத்தின் குழப்பத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டியின் அந்த வரி எதற்கு? டீச்சரைக் கண்டுபிடிக்கக் கண்ணன் வாக்குமூலம் ஒன்றே போதும். பாட்டி பேசாமல் இருந்தாலும் விடை அதேதான். வேலை இல்லாத வரி, எடுத்துவிடுங்கள்.

---

கரிசல்வாசி | ஜூலை 13, இரவு 10:10

எடுக்கிறேன். பாட்டி பேசுவது பிடித்திருந்தது, அதனால் வைத்தேன்.

---

ரைட்_போலாம் | ஜூலை 14, காலை 5:20

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதே கதை நடந்திருக்கிறது. ராத்திரி கடைசி டிரிப், உள்ளே லைட் எரியவில்லை. நூறு ரூபாய் நோட்டுக்கு ஐநூறுக்கான மீதியைக் கொடுத்துவிட்டு டிப்போவில் கைக்காசைப் போட்டுக் கட்டினேன். யார் வாங்கிப் போனார் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் எவ்வளவு மீதி கொடுத்தேன் என்பது இன்றைக்கும் தெரியும். 463 ரூபாய். 37 ரூபாய் டிக்கெட்.

உங்கள் கதையில் எனக்கு ஒப்பாத இடம் அதுதான். பையனுக்கு எதுவும் நினைவில்லை என்கிறீர்கள். மீதி எண்ணிக் கொடுத்தவனுக்கு மீதித் தொகை மறக்காது. வாங்கிய நோட்டுத்தான் மறக்கும். நோட்டை வாங்குவது ஒரு நொடி, மீதியை எண்ணுவது அரை நிமிடம். அதுவும் இருட்டில் தடவி எண்ணியிருக்கிறான்.

---

கரிசல்வாசி | ஜூலை 14, காலை 7:30

அண்ணே, இது பெரிய விஷயம். நீங்கள் சொன்னபடி வைத்தால் கதை கெட்டுப்போகும் என்று முதலில் பயந்தேன். பையனுக்கு மீதித் தொகை நினைவிருந்தால் பொய்யரை நேராகச் சொல்லிவிடுவானே என்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படி இல்லை. அவன் கொடுத்த மீதிகள் 440, 60, 420, 80. கூட்டினால் 1,000. கல்லாவில் இருந்த 1,200-ல் 1,000 போய் 200 மிச்சம், எடைக்கல்லுக்கு அடியில் 800. அண்ணாச்சி எண்ணிய ஆயிரம் வந்துவிடுகிறது. பையன் ஐநூறுக்கு மீதி கொடுத்தது செல்லையாவுக்கும் டீச்சருக்கும் என்பது அவன் வாயாலேயே உறுதியாகிறது. இரண்டு பேரில் யாருடைய நோட்டு நிஜமாகவே ஐநூறு என்பதுதான் அவனுக்குத் தெரியாது. கதையின் முடிச்சு அப்படியே இருக்கிறது.

---

கரிசல்வாசி | ஜூலை 14, காலை 7:48

இன்னும் ஒன்று தோன்றுகிறது. இது முடிச்சை இறுக்கவும் செய்கிறது. நேற்று வரைக்கும் பாட்டியும் கண்ணனும் உண்மை பேசுகிறார்கள் என்பதற்கு ஆதாரம், "ஒருவர்தான் பொய் சொன்னார்" என்று நானாக வைத்துக்கொண்டது. அண்ணாச்சிக்கு அதை யார் சொன்னது? புதிர்ப் புத்தகத்தில் என்றால் "நால்வரில் ஒருவர் மட்டும் பொய்யர்" என்று மேலேயே அச்சடித்திருக்கும். கடையில் எந்த அசரீரியும் கேட்காது. இப்போது பாட்டிக்குக் கொடுத்த 60, கண்ணனுக்குக் கொடுத்த 80 இரண்டும் பையன் சொல்வதோடு ஒத்துப்போகின்றன. அவர்கள் இருவரும் கணக்கிலிருந்து கழிந்துவிட்டார்கள்.

---

வெண்டைக்காய் | ஜூலை 14, காலை 9:10

கணக்கிலிருந்து கழிந்தார்கள், சரி. ஆனால் கவனம். கல்லா சொல்வது ஒரு மீதி தப்பாகப் போனது என்று. பொய்யும் ஒன்றுதான் என்று கல்லா சொல்லவில்லை. கண்ணன் தன் நூறு ரூபாய் விஷயத்தில் உண்மை சொன்னான். "டீச்சருக்கு அப்புறம்தான் கொடுத்தேன்" என்பதும் உண்மை என்று எந்தக் கணக்கு சொல்கிறது? டீச்சர் மேல் அவனுக்கு ஏதாவது பழைய கோபம் இருந்தால்?

---

கரிசல்வாசி | ஜூலை 14, காலை 9:25

கோபம் இருந்தாலும் எந்த வரிசையைச் சொன்னால் டீச்சர் மாட்டுவார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஐநூறு எடைக்கல்லுக்கு அடியில் எங்கே இருந்தது என்று அண்ணாச்சிக்கும் பையனுக்கும் மட்டும்தான் தெரியும். தனித்தனியாக விசாரித்தது அதற்காகத்தான்.

(உண்மையைச் சொன்னால் அதற்காக இல்லை, சும்மாதான் அப்படி எழுதினேன். இனிமேல் அதற்காகத்தான்.)

---

கட்டுநோட்டு | ஜூலை 14, பிற்பகல் 3:40

வங்கியில் கேஷ் கவுண்டரில் முப்பது வருடம். இரண்டு விஷயம்.

முதலாவது, "எடைக்கல்லைத் தூக்கி நோட்டுகளை எண்ணுகிறார். மேலே இருப்பது ஐநூறு" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி எண்ணினார்? கையில் எடுத்து மேலிருந்து ஒவ்வொன்றாக மேசையில் போட்டு எண்ணினால் அடுக்கு தலைகீழாகிவிடும். மேலே இருந்தது அடியில் போய்விடும். எண்ணி முடித்த பிறகு "மேலே ஐநூறு" என்று சொன்னால், எடைக்கல்லுக்கு அடியில் அது கடைசியில் இருந்தது, அதாவது முதல் ஆள் கொடுத்தது என்று பொருள். முதல் ஆள் டீச்சராகவும் இருக்கலாம், செல்லையாவாகவும் இருக்கலாம். உங்கள் துப்பு அங்கேயே படுத்துவிடும். எண்ணுவதற்கு முன்னால் பார்த்தாரா, பின்னால் பார்த்தாரா என்று எழுதுங்கள்.

இரண்டாவது, பையன் ஏன் ஏமாந்தான் என்று கதையில் காரணமே இல்லை. உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. 2016 நவம்பர் 8-ல் பழைய ஐநூறு செல்லாது என்று ஆன பிறகு வந்த புது நோட்டுகள் எல்லாம் அளவில் சிறியவை. புது ஐநூறு 150 மில்லிமீட்டர் நீளம். 2018-ல் வந்த ஊதா நூறு 142. இருட்டில் விரலால் தடவிப் பழகியவர்களுக்கு நீளமாக இருப்பது ஐநூறு. ஆனால் பழைய நூறு ரூபாய் நோட்டு இன்னும் செல்லும். அதன் நீளம் 157, அகலமும் 7 மில்லிமீட்டர் கூட. புது ஐநூறை விடப் பெரியது. இருட்டில் ஒரு பையன் கையில் பழைய நூறு வந்தால் அதை ஐநூறு என்றுதான் நினைப்பான்.

---

ரைட்_போலாம் | ஜூலை 14, பிற்பகல் 4:02

கட்டுநோட்டு சார் சொல்வது நூற்றுக்கு நூறு. எனக்குப் போனதும் பழைய நூறுதான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இத்தனை வருடம் என் கண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

---

கரிசல்வாசி | ஜூலை 14, இரவு 8:20

இன்றைக்கு முழுக்க இதே வேலை. வீட்டில் ஸ்கேலை எடுத்து நோட்டுகளை அளந்துகொண்டிருந்தேன், மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவியும் பார்த்தேன். பழைய நூறும் புது ஐநூறும் கையில் இருந்தால் பழைய நூறைத்தான் ஐநூறு என்று தோன்றுகிறது. ஐநூறில் ஓரத்தில் ஐந்து சாய்ந்த கோடுகள் மேடாக இருக்கின்றன, நூறில் நாலு. புது நோட்டில் அவை விரலுக்குத் தெரிகின்றன. சந்தையில் நாலு வருடம் புரண்ட நோட்டில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் அந்த அடுக்கு. வெண்டைக்காய், பாட்டியின் வரியை எடுக்கச் சொன்னீர்களே. திரும்ப வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

முதலில் காசு கொடுத்தது பாட்டி. கொடுத்தது நூறு. அப்படியானால் அடியில் இருக்கும் நோட்டு நூறாகத்தான் இருக்க வேண்டும். அண்ணாச்சி அவசரத்தில் எண்ணி அடுக்கைக் கவிழ்த்திருந்தால், அவர் பார்வைக்கு ஐநூறு அடியில் வந்து நிற்கும். அப்போது பாட்டியின் வார்த்தையோடு முட்டும். "முதல்ல வாங்கினது பாட்டிகிட்ட, அது நூறு, ஆனா அடியில ஐநூறு இருக்கே" என்று முட்டியதுமே அடுக்கு கவிழ்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பொய்யரைக் காட்டுவது கண்ணன் வரி. அடுக்கு நேராக இருக்கிறதா என்று காட்டுவது பாட்டி வரி.

---

வெண்டைக்காய் | ஜூலை 14, இரவு 8:45

ஒத்துக்கொள்கிறேன். பாட்டியிடம் மன்னிப்பு.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்போது முழு வரிசையும் கிடைக்கிறது. பாட்டி முதல், செல்லையா கடைசி, நடுவில் டீச்சர், அப்புறம் கண்ணன். கட்டுநோட்டு சொன்ன காரணம் சரி என்றால் அடியிலிருந்து இரண்டாவது நோட்டு பழைய நூறாக இருக்க வேண்டும். அண்ணாச்சி அதை எடுத்துப் பார்க்கட்டும். அது பழைய நூறாக இருந்தால், கண்ணன் வாயை நம்பாமலே இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். அது ஊதா நூறாகவும், மூன்றாவது நோட்டு பழையதாகவும் இருந்தால் கண்ணன் வரிசையை மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

---

கட்டுநோட்டு | ஜூலை 14, இரவு 9:12

அல்லது பையன் புது நூறையே தப்பாக எண்ணியிருக்கலாம். பழைய நூறு என்பது நான் சொன்ன ஒரு காரணம், அவ்வளவுதான். அதை நிரூபணமாக ஆக்கிவிடாதீர்கள். ஒத்துவந்தால் பலம். ஒத்துவராவிட்டால் மறுபடி விசாரிக்க வேண்டும்.

---

கரிசல்வாசி | ஜூலை 15, காலை 6:30

மூன்றாம் வடிவத்தில் சேர்த்தாகிவிட்டது. அண்ணாச்சி எண்ணுவதற்கு முன்பே கல்லைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறார். அடியிலிருந்து இரண்டாவது நோட்டு மற்றவற்றை விட ஓரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைக் கதையின் ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன், யாரும் கவனிக்காத மாதிரி.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தக் கதைக்குக் கரு என் பெரியப்பா கடை. சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் கல்லாவில் என்னை உட்கார வைப்பார். ஒருநாள் கணக்கில் ஐம்பது ரூபாய் குறைந்தது. அன்றைக்கு ஐம்பது என்பது பெரிய தொகை. அவர் யாரையும் விசாரிக்கவில்லை. என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பி எடை போடச் சொன்னார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இந்தக் கதையில் முருகனுக்கு ஒரு திட்டுகூட விழாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான் என்று நேற்று இரவு உறைத்தது.

---

சாக்பீஸ் | ஜூலை 15, காலை 10:20

டீச்சரைக் காப்பாற்ற வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. உங்கள் துப்பு காட்டுவது, டீச்சர் கொடுத்தது நூறு என்பதை. டீச்சர் சொன்னது ஐநூறு. சொன்னது தப்பு. அது பொய்யா?

பழைய நூறு பையனின் விரலை ஏமாற்றியது என்கிறீர்கள். அதே இருட்டில், அதே நோட்டு, பர்ஸுக்குள் கைவிட்டு எடுத்த டீச்சரின் விரலை மட்டும் ஏன் ஏமாற்றக் கூடாது? ஐநூறு கொடுத்ததாக அவர் நம்புகிறார். 420 மீதி வருகிறது. எண்ணிப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. வீட்டுக்குப் போகிறார். மறுநாள் கேட்டால் ஐநூறு என்கிறார். இதில் பொய் எங்கே?

---

கரிசல்வாசி | ஜூலை 15, காலை 10:55

அடடா.

---

அவசரக்குடுக்கை | ஜூலை 15, காலை 11:10

அப்போ செல்லையாதான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

---

கரிசல்வாசி | ஜூலை 15, காலை 11:12

நீங்கள் முதலில் கண்ணன் என்றீர்கள், அப்புறம் பாட்டி என்றீர்கள். இன்னும் அண்ணாச்சி ஒருவர்தான் பாக்கி.

---

வெண்டைக்காய் | ஜூலை 15, பிற்பகல் 12:30

சாக்பீஸ் கேட்டதற்குக் கல்லாவில் பதில் இல்லை. கல்லா நோட்டைச் சொல்லும், மனதைச் சொல்லாது. டீச்சருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேறு தடயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தலைப்பில் "பொய்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "தப்பாகச் சொன்னது யார்" என்று வையுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

---

கட்டுநோட்டு | ஜூலை 15, பிற்பகல் 2:05

தடயம் பர்ஸில் இருக்கிறது. ஐநூறு கொடுத்ததாக நினைத்து நூறு கொடுத்திருந்தால், வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்த ஐநூறு பர்ஸிலேயே இருக்கும். கூடவே 420 ரூபாய். அதைப் பார்த்த பிறகும் மறுநாள் காலையில் ஐநூறு கொடுத்தேன் என்றால் பொய்தான்.

---

சாக்பீஸ் | ஜூலை 15, பிற்பகல் 2:40

பார்த்திருந்தால். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பர்ஸைத் திறந்து எண்ணுகிறவர் நீங்கள், வங்கிக்காரர். நான் சோறு பொங்கப் போவேன். ஒருநாள் கூட வந்த இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன் என்று சொன்னேனே, அதற்கு முன்னால் எத்தனை நாள் எண்ணாமலே விட்டிருப்பேன்?

---

ரைட்_போலாம் | ஜூலை 15, மாலை 6:15

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அண்ணாச்சி வாயில் ஒரு டார்ச் வைத்திருந்தார். பையனுக்கு ஏன் ஒன்று கொடுக்கவில்லை?

---

கரிசல்வாசி | ஜூலை 15, இரவு 9:50

அண்ணே, பையனுக்கு டார்ச் கொடுத்தால் எனக்குக் கதை இல்லை.

டீச்சர் விஷயத்தில் நாள் முழுக்க யோசித்தேன். இரண்டாவது விசாரணை ஒன்று எழுதிப் பார்த்தேன். அண்ணாச்சி பர்ஸைத் திறந்து காட்டச் சொல்கிறார். எழுதும்போதே கை கூசியது. ஊரில் எந்தக் கடைக்காரரும் ஒரு டீச்சரிடம் அப்படிக் கேட்க மாட்டார். கேட்டால் மறுநாள் கடைக்கு ஆள் வராது. அழித்துவிட்டேன்.

இப்போது முடிவு இப்படி இருக்கிறது. அண்ணாச்சிக்கு நோட்டு யாருடையது என்று தெரிந்துவிட்டது. மாலையில் டீச்சர் கடைக்கு வருகிறார். அரைக் கிலோ துவரம்பருப்பு. அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் போன பிறகு பற்று நோட்டை எடுத்து, கோமதி டீச்சர் என்ற பக்கத்தில் 400 என்று எழுதுகிறார்.

---

சாக்பீஸ் | ஜூலை 15, இரவு 10:08

எழுதிவிட்டாரே. அதற்கப்புறம் என்ன சந்தேகம் பாக்கி? பற்று நோட்டில் ஏறினால் தீர்ப்பு சொன்ன மாதிரிதான்.

---

கரிசல்வாசி | ஜூலை 15, இரவு 10:20

"பென்சிலால் எழுதுகிறார்" என்று மாற்றிவிட்டேன்.

---

வெண்டைக்காய் | ஜூலை 15, இரவு 10:24

பருப்புக்குக் காசு எந்த நோட்டில் கொடுத்தார்?